விட்ட முதல் உறுப்பு எப்போது வழுவுக்கு வேலியாகும்?

"1 − 1/4 + 1/9 − 1/16 + … என்ற தொடரில் 10 உறுப்புகளைக் கூட்டினால் வழு 1/121 ஐ விடக் குறைவு என்று எழுதினேன், சரி போட்டார்கள். அடுத்த கேள்வியில் 1 + 1/4 + 1/9 + … க்கும் அதையே எழுதினேன், வெட்டிவிட்டார்கள். உறுப்புகள் அதே உறுப்புகள்தானே? விட்ட முதல் உறுப்பு ஓரிடத்தில் போதும், மற்ற இடத்தில் போதாது என்றால் எப்படி?"

வெட்டியது சரிதான். இரண்டாவது தொடரில் உண்மையான வழு ஏறக்குறைய 0.0952. நீங்கள் எழுதிய 1/121 என்பது 0.0083. பத்து மடங்குக்கும் மேலான வித்தியாசம். முதல் தொடரில் உண்மையான வழு 0.0045, அதாவது 1/121 க்குள் தாராளமாக அடங்குகிறது. உறுப்புகளின் அளவு ஒன்றேதான், ஆனால் இந்த விதி அளவை மட்டும் வைத்து வந்ததல்ல. குறி மாறுவதிலிருந்தும் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போவதிலிருந்தும் வந்தது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு வாகனங்களுக்கு நடுவே ஒருவர் கார் நிறுத்துவதைக் கற்பனை செய்யுங்கள். முன்னுக்கு ஒரு மீற்றர் போகிறார். பின்னுக்குக் கால் மீற்றர் வருகிறார். திரும்ப முன்னுக்கு, ஆனால் அதைவிடக் குறைவாக. திரும்பப் பின்னுக்கு, இன்னும் குறைவாக. வாசலில் நிற்கும் உங்களுக்குக் கார் கடைசியில் எங்கே நிற்கும் என்று சரியாகத் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: கடைசியாக ஓடிய துண்டுக்கு வெளியே அது இனிப் போகாது. முன்னுக்குப் போன இடத்தை அடுத்த முறை எட்டமாட்டார், ஏனென்றால் பின்னுக்கு வந்ததைவிடக் குறைவாகத்தான் முன்னுக்குப் போகிறார். பின்பக்கமும் அப்படியே. ஆகவே இப்போது நிற்கும் இடத்துக்கும் கடைசியில் நிற்கப்போகும் இடத்துக்கும் உள்ள தூரம், அடுத்த அசைவின் நீளத்தை விடக் கூடுதலாக இருக்காது. அந்த அடுத்த அசைவுதான் நீங்கள் விட்ட முதல் உறுப்பு.

இரண்டாவது தொடரில் கார் பின்னுக்கு வருவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கே போகிறது. அங்கே அடுத்த அசைவு வெறும் ஆரம்பம், அதற்குப் பிறகும் எண்ணற்ற அசைவுகள் அதே திசையில் சேரும். எல்லா உறுப்புகளும் நேராக இருக்கும் தொடரில் விட்ட முதல் உறுப்பு வழுவின் ஒரு பங்கு மாத்திரமே. வழு எப்போதும் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதிய சமனிலி அந்த இடத்தில் தலைகீழாக நிற்கிறது.

இனி எண்களில் பார்ப்போம். முதல் n உறுப்புகளின் கூட்டுத்தொகையை Sₙ என்றும், தொடரின் உண்மையான கூட்டுத்தொகையை L என்றும் வைத்துக்கொள்வோம். குறி மாறும் உங்கள் தொடரில்:

S₁ = 1
S₂ = 0.75
S₃ = 0.8611
S₄ = 0.7986
S₅ = 0.8386
S₆ = 0.8108
…
S₁₀ = 0.81796
S₁₁ = 0.82623

ஒற்றை இடங்களில் உள்ளவை 1, 0.8611, 0.8386 என்று இறங்கிக்கொண்டு வருகின்றன. இரட்டை இடங்களில் உள்ளவை 0.75, 0.7986, 0.8108 என்று ஏறிக்கொண்டு வருகின்றன. இரண்டு வரிசைக்கும் நடுவே L சிக்கிக்கொள்கிறது. இந்தத் தொடருக்கு L = π²/12 என்று தெரியும், அதாவது 0.822467. அது S₁₀ க்கும் S₁₁ க்கும் இடையில் இருப்பதைப் பாருங்கள்.

நிறுவல் இரண்டே வரி. 10 உறுப்புகளுக்குப் பிறகு மிஞ்சியதை R என்போம். அதை இரண்டு விதமாக அடைப்புக்குள் போடலாம்:

R = (1/121 − 1/144) + (1/169 − 1/196) + …
R = 1/121 − (1/144 − 1/169) − (1/196 − 1/225) − …

உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போவதால் ஒவ்வோர் அடைப்பும் நேர்ப் பெறுமானம். முதல் வரி R > 0 என்கிறது. இரண்டாம் வரி R < 1/121 என்கிறது. முடிந்தது. முதல் வரியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது வழுவின் குறியையும் சொல்லித் தருகிறது. விட்ட முதல் உறுப்பின் குறி என்னவோ அதுவே வழுவின் குறி. 11 ஆம் உறுப்பு நேர் என்பதால் S₁₀ உண்மையான விடையைவிடச் சிறியது. விடைத்தாளில் "வழு 1/121 ஐ விடக் குறைவு" என்பதோடு நிற்காமல் "S₁₀ < L < S₁₁" என்று எழுதினால் இரண்டு பக்கமும் பூட்டியாயிற்று.

உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போகவேண்டும் என்ற மற்ற நிபந்தனை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அது Sₙ க்கும் Sₙ₊₁ க்கும் இடைப்பட்ட இடைவெளி ஒன்றுமில்லாமல் சுருங்குவதற்கு. உறுப்புகள் 2, 3/2, 4/3, 5/4 என்று சிறுத்துக்கொண்டே போய் 1 இல் தங்கிவிட்டால், கார் கடைசிவரை ஏறக்குறைய ஒரு மீற்றர் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும். நிற்கவே நிற்காது. தொடர் ஒருங்காது.

சரி, வெட்டுப்பட்ட கேள்விக்கு என்ன எழுதியிருக்கவேண்டும்? உயர்தர இணைந்த கணிதத்தில் உறுப்பை இரண்டின் வித்தியாசமாக உடைத்துக் கூட்டும் முறை படித்திருப்பீர்கள், அதுவே போதும். 1 ஐ விடப் பெரிய ஒவ்வொரு முழு எண் k க்கும்

1/k − 1/(k+1) < 1/k² < 1/(k−1) − 1/k

k = 11 இலிருந்து முடிவிலி வரை கூட்டுங்கள். இரண்டு பக்கத்திலும் நடுவில் உள்ளவை எல்லாம் வெட்டுப்பட்டுப்போய், 1/11 < வழு < 1/10 என்று வருகிறது. 0.0909 க்கும் 0.1 க்கும் நடுவே. உண்மையான 0.0952 அதற்குள் அழகாக உட்காருகிறது. இங்கே வழு ஏறக்குறைய 1/n அளவில் குறைகிறது. குறி மாறும் தொடரில் அது ஏறக்குறைய 1/(2n²) அளவில் குறைகிறது. அடுத்தடுத்த உறுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் கிடைக்கும் இலாபம் இது.

இதைவிட ஆபத்தான பிழை இன்னொன்று இருக்கிறது. குறி மாறுகிறது, உறுப்புகள் பூச்சியத்துக்குப் போகின்றன, உடனே விட்ட முதல் உறுப்பை எழுதிவிடுவது. "சிறுத்துக்கொண்டே" என்ற நிபந்தனையைப் பரிசோதிக்காமல் விடுவது. உங்கள் தொடரையே கொஞ்சம் கெடுத்துக் காட்டுகிறேன். நேர் உறுப்புகள் 1, 1/4, 1/9, 1/16 என்று இருக்கட்டும். மறை உறுப்புகளுக்கு 1/2, 1/4, 1/8, 1/16 என்று ஒவ்வொரு முறையும் பாதியாக்குவோம்:

1 − 1/2 + 1/4 − 1/4 + 1/9 − 1/8 + 1/16 − 1/16 + 1/25 − 1/32 + …

குறி ஒழுங்காக மாறுகிறது. உறுப்புகள் பூச்சியத்துக்குப் போகின்றன. தொடர் ஒருங்கவும் செய்கிறது, அதன் கூட்டுத்தொகை π²/6 − 1, அதாவது 0.64493. இப்போது 19 உறுப்புகளைக் கூட்டி நிறுத்துங்கள்: பத்து நேர், ஒன்பது மறை. விடை 0.55172. விட்ட முதல் உறுப்பு −1/1024. விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பாவித்தால் வழு 0.001 ஐ விடக் குறைவு, உண்மையான விடை 0.55172 ஐ விடச் சற்றுச் சிறியது என்று சொல்வோம். உண்மையில் வழு 0.0932. நாம் சொன்னதைவிட ஏறக்குறைய 95 மடங்கு. போதாததற்குத் திசையும் பிழை, உண்மையான விடை மேலே இருக்கிறது. காரணம், மறை அசைவுகள் சீக்கிரமே ஒன்றுமில்லாமல் போய்விட, நேர் அசைவுகள் தனியாகக் காரை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தொடர் உள்ளுக்குள் குறி மாறாத தொடர் போலத்தான் நடந்துகொள்கிறது. நேர் உறுப்புகளை 1/k² க்குப் பதிலாக 1/k என்று வைத்தீர்களானால் தொடர் விரிந்தே போய்விடும், குறி மாறினாலும் உறுப்புகள் பூச்சியத்துக்குப் போனாலும்.

ஆகவே குறியை விட்டுவிட்டு n ஆவது உறுப்பின் அளவை aₙ என்று வைத்து, aₙ₊₁ ≤ aₙ என்பதை ஒரு வரியிலாவது காட்டுங்கள். 1/n² போன்றவற்றுக்குப் பகுதியெண் வளர்கிறது என்று சொன்னாலே போதும். சிக்கலான உறுப்புகளுக்கு வகையீடு கை கொடுக்கும். உதாரணமாக உறுப்பு (ln n)/n என்றால், (ln x)/x இன் வகையீடு (1 − ln x)/x². x ஆனது e ஐத் தாண்டினால் இது மறை, எனவே n = 3 இலிருந்து உறுப்புகள் சிறுக்கின்றன. n = 2 இலிருந்து 3 க்குப் போகும்போது 0.3466 இலிருந்து 0.3662 க்கு ஏறுவது பரவாயில்லை. தொடக்கத்தில் நடக்கும் ஏற்ற இறக்கம் ஒருங்குவதைப் பாதிக்காது. ஆனால் விட்ட முதல் உறுப்பை வழுவுக்கு எல்லையாக எழுதவேண்டுமானால், அந்த உறுப்பிலிருந்து அப்பால் எல்லாம் சிறுத்துக்கொண்டே போகவேண்டும். வெட்டும் இடத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதே முக்கியம்.

இனி, பரீட்சையில் இதன் மறுபக்கமாக வரும் கேள்வி: "மூன்று தசமதானங்களுக்கு எத்தனை உறுப்புகள் வேண்டும்?" வழு 0.0005 ஐ விடக் குறையவேண்டும் என்று எடுத்துக்கொண்டால், 1/(n+1)² < 0.0005, அதாவது (n+1)² > 2000. 44² = 1936 போதாது, 45² = 2025 போதும். n + 1 = 45, எனவே n = 44. இங்கே 45 என்று எழுதிவிடுவது சர்வசாதாரணம். நானே ஒருமுறை பம்பலப்பிட்டியில் ஒரு வகுப்பில் பலகையில் 45 என்று எழுதி, பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை "சேர், விட்ட உறுப்புத்தானே 45 ஆவது?" என்று கேட்ட பிறகு அழித்திருக்கிறேன்.

ஆனால் 44 உறுப்புகளைக் கூட்டினால் மூன்று தசமதானம் உறுதியா? கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். S₄₄ = 0.82221, S₄₅ = 0.82271. முதலாவதை மட்டந்தட்டினால் 0.822, இரண்டாவதை மட்டந்தட்டினால் 0.823. L இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது மட்டுந்தான் விதி தரும் தகவல், ஆகவே மூன்றாவது தானம் 2 ஆ 3 ஆ என்று இந்த இரண்டையும் வைத்துச் சொல்ல முடியாது. L = 0.822467 என்று முன்கூட்டியே தெரிந்ததால் 0.822 என்கிறோம், தெரியாதவர் சொல்ல வழியில்லை. "வழு 0.0005 ஐ விடக் குறைவு" என்பதும் "மட்டந்தட்டினால் மூன்று தானமும் சரி" என்பதும் இரண்டு வேறு விடயங்கள். இரண்டாவது வேண்டுமானால், அடுத்தடுத்த இரண்டு கூட்டுத்தொகைகளும் மட்டந்தட்டிய பிறகு ஒரே எண்ணைத் தரும் வரை போகவேண்டும். L இங்கே 0.8225 என்ற எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், அது S₁₂₂, S₁₂₃ இல்தான் முதல் முறையாக நடக்கிறது. வினாத்தாளில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று வாசித்துவிட்டு எழுதுங்கள். பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்பார்கள்.

123 உறுப்புகளைக் கூட்ட யாருக்குப் பொறுமை? காரைத் திரும்பவும் பாருங்கள். கடைசித் துண்டின் இரு முனைகளும் தெரியும், கார் நடுவே எங்கோ நிற்கப்போகிறது. அசைவுகள் மெதுவாகத்தான் சிறுக்கின்றன என்றால் அது ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். உங்கள் தொடரில் S₁₀ இன் உண்மையான வழு 0.0045, விட்ட உறுப்பு 0.0083. பாதிக்குச் சற்று மேல். அப்படியென்றால் இரு முனைகளின் சராசரியையே எடுத்துக்கொள்ளலாமே:

M₁ = (S₁₀ + S₁₁)/2 = 0.822094

வழு 0.00037 ஆகக் குறைந்துவிட்டது. சும்மா கூட்டிக்கொண்டு போனால் இந்த அளவுக்கு வர 36, 37 உறுப்புகள் தேவைப்பட்டிருக்கும். S₁₂ = 0.819282 என்பதையும் சேர்த்து அடுத்த சராசரி:

M₂ = (S₁₁ + S₁₂)/2 = 0.822754

M₁ கீழே, M₂ மேலே. இது தற்செயல் இல்லை. ஒரு சராசரியிலிருந்து அடுத்த சராசரிக்குப் போகும் அசைவு (aₙ − aₙ₊₁)/2, அதன் குறியும் ஒன்றுவிட்டொன்றாக மாறுகிறது. உறுப்புகளின் வித்தியாசங்களும் சிறுத்துக்கொண்டே போனால், சராசரிகளுக்கும் அதே சோதனை அப்படியே பொருந்தும். 1/n² க்கு வித்தியாசங்கள் சிறுக்கின்றன, ஏனென்றால் 1/x² இன் வரைபு மேல்நோக்கி வளைந்தது. ஆகவே M₁ இன் வழுவுக்கு எல்லை M₂ − M₁ = 0.00066, இதுவும் "விட்ட முதல் உறுப்பு"தான், புதிய தொடருக்கு. வித்தியாசங்கள் சிறுக்கவில்லை என்றால் சராசரிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது, நான் மேலே கெடுத்துக் காட்டிய தொடரில் சராசரி எடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

பக்கத்து மண்ணிலேயே இதைவிடக் கூர்மையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு லைப்னிட்சின் பெயரைச் சொல்வோம், 1 − 1/3 + 1/5 − … = π/4 என்ற தொடரும் அவர் பெயரில்தான் புத்தகங்களில் வரும். ஆனால் அவருக்கு நூறு வருடங்களுக்கும் மேலாக முன்பே, கேரளத்தின் சங்கமகிராம மாதவனின் வழிவந்தவர்களுக்கு அந்தத் தொடர் தெரியும். அது எவ்வளவு மெதுவானது என்பதும் தெரியும். n உறுப்புகளோடு நிறுத்திவிட்டு, மிச்சத்துக்குப் பதிலாக 1/(4n) ஐ, விட்ட முதல் உறுப்பின் குறியோடு, சேர்த்தார்கள். விட்ட முதல் உறுப்பு 1/(2n+1), அதன் பாதி ஏறக்குறைய இதுவே. பிறகு அதையும் திருத்தி n/(4n²+1) என்று வைத்தார்கள். பத்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் π க்கு 3.0418 தான் கிடைக்கும். இந்தக் கடைசித் திருத்தத்தைச் சேர்த்தால் 3.14159.

உங்கள் தொடருக்குத் திரும்பினால், M₁ க்கும் M₂ க்கும் மறுபடி சராசரி எடுங்கள்: 0.822424. உண்மையான 0.822467 இலிருந்து 0.000043 தூரம். கூட்டியது 12 உறுப்புகள். சராசரி எதுவும் எடுக்காமல் இவ்வளவு கிட்ட வர நூறுக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கூட்டவேண்டியிருக்கும்.